பழைய கடிதத்து முத்திரையைப் புதுக் கடிதத்தில் போடலாமா?

யாழ்ப்பாணத்தில் போட்டோக்கொப்பி, ரைப்செற்றிங் கடை வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுவார். ஒருவர் ஒரு பழைய கடிதத்தோடு வருவார். அடியில் கல்லூரியின் வட்ட முத்திரையும் ஒரு கையெழுத்தும் இருக்கும். "அண்ணை, இதை ஸ்கான் பண்ணி, இந்தப் புது லெற்றருக்குக் கீழ போட்டுத் தாறீங்களோ? அவசரம்" என்பார். திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்திப் பக்கம் கடை வைத்திருக்கும் எனக்கும் இது பழகிய கேள்வி. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கள்ளர் இல்லை. அவசரத்தில் இருப்பவர்கள், அவ்வளவுதான்.

செய்ய முடியாது என்று சொன்னால், "ஏன் அண்ணை, உங்களிட்ட அந்த சொப்ட்வெயர் இல்லையோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். சொப்ட்வெயர் இருக்கிறது. ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் செய்துவிடலாம். முடியாது என்பது கணினி சம்பந்தப்பட்ட முடியாமை இல்லை. அப்படிச் செய்த உடனேயே அந்தத் தாள் கடிதம் என்ற நிலையை இழந்து போலி ஆவணமாகிவிடுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் அப்படித்தான். இந்தக் கடைசி வசனத்தைத்தான் ஆட்கள் நம்புவதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு உதாரணத்தை எடுப்போம். 2024 ஏப்ரலில், சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் வாரம், சுண்ணாகப் பக்கமிருந்து ஒரு பிள்ளையும் தாயும் கடைக்கு வந்தார்கள். பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படித்து முடித்தவர். மேற்படிப்புக்காகக் கனடாவுக்கு மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தார். படிப்பை முடித்ததையும் அது ஆங்கில மூலம் நடந்ததையும் உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரும்படி விசா அலுவலகம் கேட்டிருந்தது. அதை ஏற்றுவதற்கு நாலு நாள்தான் மிச்சம். கல்லூரி அலுவலகம் விடுமுறைக்குப் பூட்டியாயிற்று. கையில் இருந்தது 2022 மார்ச்சில் அதே கல்லூரி கொடுத்த ஒரு கடிதம். வங்கியில் கணக்குத் திறப்பதற்காக வாங்கியது. மேலே கல்லூரியின் பெயரும் இலச்சினையும், "எமது இல." என்ற வரி, கீழே அப்போதைய பதிவாளரின் கையெழுத்து, அதன்மேல் சற்றே சரிந்து விழுந்த நீல முத்திரை. புதுக் கடிதத்தின் வாசகத்தைப் பிள்ளையே அழகாக ரைப் பண்ணி பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இதில பொய் ஒண்டும் இல்லையே" என்றார் தாய். "பிள்ளை படிச்சது உண்மை, பாஸ் பண்ணினது உண்மை. கொலிஜ் திறந்திருந்தா அவையளும் இதைத்தானே எழுதித் தரப் போகினம்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால், கையெழுத்து ஒரு கடிதத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடிதத்தின் அடியில் ஒருவர் கையெழுத்து வைக்கும்போது, தாளை அழகுபடுத்துவதற்காக வைப்பதில்லை. "மேலே உள்ள இந்த வாசகத்தை நான் வாசித்தேன், இந்தத் திகதியில், இது சரி என்று நான் பொறுப்பெடுக்கிறேன்" என்று சொல்கிறார். ஆக, கையெழுத்து ஒட்டிக்கொண்டிருப்பது தாளோடு இல்லை, வாசகத்தோடு. 2022இல் அந்தப் பதிவாளர் கையெழுத்து வைத்தது "மேற்படி மாணவி எமது கல்லூரியில் முழுநேர மாணவியாகக் கற்று வருகிறார்" என்ற ஒரு வசனத்துக்கு, ஒரு வங்கி முகாமையாளருக்கு. அந்த வசனத்துக்கு வெளியே அந்தக் கோடுகளுக்குப் பெறுமதி ஒன்றும் கிடையாது.

முத்திரையின் வேலை வேறு. கையெழுத்து ஆளைக் காட்டுகிறது. அந்த ஆள் எந்தப் பதவியில் இருந்துகொண்டு பேசுகிறார் என்பதை முத்திரை காட்டுகிறது. பதிவாளர் தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்திலும் அதே கையெழுத்துத்தான் வரும், ஆனால் அதில் முத்திரை விழாது. முத்திரை விழுந்தால் கல்லூரியே பேசுகிறது என்று அர்த்தம். அதனால்தான் ஒழுங்கான அலுவலகங்களில் முத்திரையை மேசையில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார்கள், திறப்பு ஒருவரிடம் இருக்கும்.

இனி இரண்டையும் வெட்டிப் புதுக் கடிதத்தில் ஒட்டினால் என்ன நடக்கிறது? பதிவாளர் வாசிக்காத வாசகத்தை வாசித்தார் என்றும், கல்லூரி சொல்லாததைச் சொன்னது என்றும் அந்தத் தாள் சொல்கிறது. வாசகத்துக்குள் பொய் இல்லாவிட்டாலும், "இதை இன்னார் உறுதிப்படுத்தினார்" என்ற செய்தி பொய். விசா அலுவலகம் கேட்டதோ அந்தச் செய்தியைத்தான். பிள்ளை படித்ததைப் பிள்ளையே சொன்னால் போதும் என்றிருந்தால், அவர்கள் கல்லூரியின் கடிதத்தைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

சரி, கல்லூரியும் இதையேதான் எழுதியிருக்கும் என்ற வாதம்? அதையும் இந்த ஒரு கடிதத்தை வைத்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் உண்மையான கடிதம் பிறகு வந்தது. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிள்ளை எழுதிய வாசகத்தில் "2023 டிசம்பரில் கற்கைநெறியைப் பூர்த்தி செய்தார்" என்று இருந்தது. அவருக்கு அது உண்மை. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வகுப்புப் பிள்ளைகளோடு படம் எடுத்த மாதம் அது. கல்லூரியின் கடிதத்திலோ 2024 பெப்ரவரி என்று இருந்தது. பெறுபேறுகளைப் பரீட்சைச் சபை அங்கீகரித்த நாளைத்தான் கல்லூரி பூர்த்தி நாளாகக் கணக்கெடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விண்ணப்பத்தோடு ஏற்கெனவே ஏற்றிய புள்ளிப் பட்டியலிலும் பெப்ரவரிதான் இருந்தது. ஒட்டுக் கடிதம் போயிருந்தால், ஒரே கல்லூரியின் இரண்டு ஆவணங்கள் இரண்டு திகதி சொல்லியிருக்கும்.

இரண்டாவது, ஆங்கில மூலம் பற்றியது. "கற்பித்தல் முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெற்றது" என்று பிள்ளை எழுதியிருந்தார். கல்லூரி எழுதியது, "பாடக் குறிப்புகளும் பரீட்சைகளும் ஆங்கிலத்தில் அமைந்தவை". வகுப்பில் சேர் தமிழில் விளங்கப்படுத்துவார் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். தன்னால் காட்டக்கூடியதை மட்டும் பதிவாளர் எழுதினார். அந்தக் கவனம் ஒரு ஆள் கோவையைத் திறந்து பார்த்து எழுதும்போதுதான் வரும்.

மூன்றாவதுதான் பெரிசு. 2022இல் கையெழுத்து வைத்த பதிவாளர் 2023 நடுப்பகுதியில் பதவியை விட்டுப் போய்விட்டார். பிள்ளைக்கு அது தெரியாது. அவர் தன் வாசகத்தின் மேல் 2024 ஏப்ரல் திகதியைப் போட்டிருந்தார். நான் ஒட்டிக் கொடுத்திருந்தால், கல்லூரியிலேயே இல்லாத ஒருவர் கல்லூரியின் பெயரால் கையெழுத்து வைத்ததாக ஆகியிருக்கும். ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டால் போதும், மிச்சம் எதையும் ஆராயத் தேவையில்லை.

கையெழுத்து என்பது எழுதும் கடைசி நொடியில் வருகிற கோடு இல்லை என்று இதிலிருந்து தெரியும். அதற்கு முன்னால் ஒருவர் பதிவேட்டைப் பார்க்கிறார், சந்தேகமானதை விடுகிறார், சில சொல்லை மாற்றுகிறார். ஒட்டும்போது அந்த வேலை முழுவதும் நடக்காமலே நடந்ததாகக் காட்டப்படுகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் இதற்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. ஒருவர் கையெழுத்து வைக்காத, அல்லது முத்திரை இடாத ஆவணத்தை, அவரே செய்தது போலவோ அவருடைய அதிகாரத்தோடு செய்தது போலவோ மற்றவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு, நேர்மையீனமாக அல்லது மோசடியாக உருவாக்குவது பொய்யான ஆவணம் செய்தல். அதை ஒரு உரிமைகோரலை நிலைநாட்டவோ மோசடிக்காகவோ செய்தால் அது கள்ள ஆவணக் குற்றம். ஒருவருக்குக் காசு நட்டம் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளடக்கம் உண்மையா பொய்யா என்பதைவிட, யார் செய்தது என்று காட்டப்படுகிறது என்பதில்தான் சட்டத்தின் கண் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. போலி என்று தெரிந்துகொண்டே ஒரு ஆவணத்தை உண்மையானதாகக் காட்டிப் பயன்படுத்துபவருக்கும், அதைச் செய்தவருக்குக் கிடைக்கும் தண்டனையே. ஆகவே கடைக்காரர் "நான் ரைப் பண்ணிக் குடுத்தனான், அவ்வளவுதான்" என்றும், கொண்டுபோனவர் "நான் செய்யேல்லை, கடையில செய்து தந்தவை" என்றும் ஆளையாள் காட்டித் தப்ப முடியாது. கணினி முன்னால் இருந்து ஒட்டுகிற கைதான் ஆவணத்தைச் செய்கிற கை.

வெளிநாட்டு அலுவல் என்றால் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கியமான விடயத்தில் பிழையான தகவல் தந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் 5 வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் போக முடியாது. ஐக்கிய இராச்சியத்தில் விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் தடை 10 வருடம் வரை போகலாம். ஒரு கடிதம் பிந்தினால் ஒரு தவணை தள்ளிப் போகும், இது அந்தக் கணக்கில் வராது.

"ஆர் அண்ணை உதையெல்லாம் செக் பண்ணப் போகினம்?" என்று கேட்பவர்களுக்காக, எப்படித் தெரிய வரும் என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் பூதக்கண்ணாடிக்கெல்லாம் வேலை வராது. கடிதத்தில் "எமது இல." என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒழுங்கான நிறுவனம் ஒவ்வொன்றும் வெளியே போகும் கடிதங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கும். இலக்கம், திகதி, யாருக்கு, என்ன விடயம் என்று ஒரு வரி எழுதி, கடிதத்தின் பிரதி ஒன்றையும் கோவையில் வைப்பார்கள். சரிபார்ப்பவர் கடிதத்தில் அடித்திருக்கும் தொலைபேசி இலக்கத்தை நம்பமாட்டார். கல்லூரியின் இணையத்தளத்திலிருந்தோ வேறு வழியாகவோ முகவரியைத் தானே தேடி எடுத்து, "இந்த இலக்கம், இந்தத் திகதிக் கடிதம் உங்களுடையதா?" என்று எழுதுவார். பதிவேட்டில் அந்த வரி இல்லை. பழைய இலக்கத்தையே போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்த இலக்கத்தில் வங்கிக்கு எழுதிய கடிதம் கோவையில் கிடக்கும்.

பதில் எழுதுகிற லிகிதருக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் ஒன்றும் இருக்காது. "எமது பதிவேட்டில் இல்லை" என்ற ஒரு வரிதான் எழுதுவார். அந்த ஒரு வரி போதும்.

இரண்டு கடிதமும் ஒரே கையில் அகப்படுகிற நேரம் இன்னொரு விதமாகப் பிடிபடும். ஒருவர் நாளுக்கு நூறு கையெழுத்து வைத்தாலும், எந்த இரண்டும் அச்சொட்டாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. ஒரு தடவை வால் கொஞ்சம் நீளும், இன்னொரு தடவை பேனை ஒரு இடத்தில் தூக்கும். இரண்டு தாளையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோட்டுக்குக் கோடு பொருந்தினால், ஒன்று மற்றதன் நகல், அல்லது இரண்டும் மூன்றாவதொன்றின் நகல். ஆவணங்களை ஆராய்பவர்கள் வித்தியாசத்தைத் தேடுவது போலவே இந்தப் பொருத்தத்தையும் தேடுவார்கள். முத்திரையும் அப்படித்தான். கையால் குத்தும்போது சரிவும் அழுத்தமும் ஒவ்வொரு தரமும் மாறும். இரண்டு வருட இடைவெளியில் குத்திய இரண்டு முத்திரைகள் ஒரே பாகையில் சரிந்து, அதே எழுத்தில் அதே இடத்தில் மை விட்டுப் போய், கையெழுத்தின் அதே வளைவை வெட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

தாளைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு மற்ற அடையாளங்கள் உண்டு. உண்மையான இறப்பர் முத்திரையின் மை தாளின் நாருக்குள் ஊறியிருக்கும், கோட்டின் ஓரம் கொஞ்சம் தடித்து நடுப்பகுதி வெளிறியிருக்கும். போல்பொயின்ற் பேனை தாளைப் பள்ளம் விழுத்தும், பின்பக்கத்தை விரலால் தடவினால் தட்டுப்படும். கலர் பிறின்ரரில் அடித்த முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் நீலம் ஒரே நீலமாக இராது, சின்னச் சின்னப் புள்ளிகளாக வேறு வேறு நிறங்கள் தெரியும். லேசர் பிறின்ரராக இருந்தால் பொடி தாளுக்கு மேலேயே படிந்து, சரித்துப் பிடிக்கும்போது மினுங்கும்.

விண்ணப்பம் ஒன்லைனில் போவதால் தாளே போகாது, அதனால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோப்பிலும் தடயம் இருக்கிறது. எழுத்துகள் கணினியில் அடித்த கூர்மையோடு இருக்க, முத்திரை மட்டும் ஸ்கான் செய்த மங்கலோடு இருக்கும். முத்திரையைச் சுற்றி, பின்னணித் தாளின் வெள்ளையிலிருந்து சற்றே மாறுபட்ட ஒரு சதுரம் தெரியும். பழைய கடிதத்தில் முத்திரை ஒரு எழுத்தின்மேல் விழுந்திருந்தால், அந்த எழுத்தின் துண்டும் கூடவே வந்திருக்கும். எங்கள் கதையில் வரும் கடிதத்தில் "பதிவாளர்" என்ற சொல்லின் "ர்" மேல் முத்திரை ஏறியிருந்தது. அதை அழித்தால் முத்திரையின் விளிம்பும் போகும், அழிக்காவிட்டால் புதுக் கடிதத்தில் இரண்டு "ர்" நிற்கும்.

இந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்டு கவனமாகச் செய்தால் போதுமே என்று யாருக்காவது தோன்றினால், பதிவேட்டை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு திறமையாக ஒட்டினாலும் கல்லூரியின் கோவைக்குள் ஒரு பிரதியை யாராலும் ஒட்ட முடியாது.

அப்போ படமாகப் போட்ட கையெழுத்து எல்லாமே போலியா? அப்படி இல்லை. கல்லூரிகளே ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் பணிப்பாளரின் கையெழுத்தை அச்சிடுவதுண்டு. அங்கே அந்தப் படத்தைப் பயன்படுத்துவது கல்லூரி, எந்த வாசகத்தின் கீழ் அது வரவேண்டும் என்று முடிவு செய்வதும் கல்லூரி. அச்சிட்டவைக்குக் கணக்கும் இருக்கும். படம் என்பதால் பிழையாவதில்லை. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வேறொரு வாசகத்துக்குக் கீழே போவதால்தான் பிழையாகிறது.

"சேர் போனில ஓம் எண்டுட்டார், நீங்கள் போடுங்கோ" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சேர் எதற்கு ஓம் என்றார்? வாசகத்தைப் பார்த்தாரா? நாளைக்கு யாராவது கேட்டால் ஓம் என்றேன் என்று சொல்வாரா? எனக்குத் தெரிய வழியில்லை. சேர் உண்மையாகவே சம்மதம் என்றால் அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. வாசகத்தை ஈமெயிலில் அனுப்புங்கள். அவர் பார்த்து, திருத்தி, கையெழுத்து வைத்து, ஸ்கான் பண்ணித் தன் கல்லூரி ஈமெயிலிலிருந்து அனுப்பட்டும். போனில் ஓம் சொல்ல நேரம் இருந்தவருக்கு இதற்கும் நேரம் இருக்கும். இதைச் சொன்னதும் சிலர் "சரி அண்ணை, பிறகு வாறன்" என்று போய்விடுவார்கள். அதிலிருந்தே அந்த ஓம் எப்படிப்பட்ட ஓம் என்று விளங்கும்.

மின்னணுக் கையொப்பம் என்று ஒன்றும் இருக்கிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. அதன் உறுதியான வகைதான் டிஜிட்டல் கையொப்பம். ஆவணத்தில் உள்ள எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, கையொப்பமிடுபவர் மட்டும் வைத்திருக்கும் இரகசியத் திறப்பால் அது பூட்டப்படுகிறது. பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது என்று கணினி காட்டிக்கொடுக்கும். அதை வெட்டி வேறு கடிதத்தில் ஒட்டினால் வெறும் படம்தான் மிஞ்சும். தாளில் நாங்கள் நம்பிக்கையால் காப்பாற்றுவதை அது கணக்கால் காப்பாற்றுகிறது. எங்கள் ஊர்க் கல்லூரிக் கடிதங்களில் இது இன்னும் அரிது.

சமாதான நீதவானிடம் போனால் சரியாகுமா என்றும் கேட்பார்கள். அவர் செய்வது வேறு வேலை. மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உண்மைப் பிரதி" என்று உறுதிப்படுத்துவார். பழைய வங்கிக் கடிதத்தின் பிரதியை அவர் தாராளமாக உறுதிப்படுத்தலாம். ஆனால் அதற்குப் பிறகும் அது வங்கிக் கடிதம்தான். கல்லூரி எழுதாத கடிதத்தை அவரால் எழுத வைக்க முடியாது.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். கல்லூரியின் முன்கதவு பூட்டியிருந்தது உண்மை. ஆனால் விடுமுறையில் ஒரு கல்லூரி முழுவதும் நித்திரை கொள்வதில்லை. பெரும்பாலும் ஒரு லிகிதரோ கணக்காளரோ ஈமெயில் பார்ப்பார். பதிவாளர் இல்லாவிட்டால் அவருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் பெற்ற பதில் அலுவலர் ஒருவர் இருப்பார், அவர் "பதிவாளருக்காக" என்று எழுதித் தன் பெயரில் கையெழுத்து வைப்பார். அது முழுக்கச் செல்லுபடியாகும். இதைத் தெரியாமல்தான் பலர் ஒரே ஒரு ஆளின் கையெழுத்துக்காகத் தவிக்கிறார்கள்.

கடையிலிருந்தே ஒரு ஈமெயில் எழுதினோம். பிள்ளையின் முழுப் பெயர், பதிவு இலக்கம், கற்கைநெறி, எந்தப் பிரிவு, யாருக்கு என்ன கடிதம் தேவை, எந்தத் திகதிக்குள், என்று ஆறு வரி. விசா அலுவலகம் கேட்ட பக்கத்தின் படத்தையும் புள்ளிப் பட்டியலையும் இணைத்தோம். பிள்ளை ரைப் பண்ணிய வாசகத்தையும் வேர்ட் கோப்பாகவே வைத்தோம், "தங்கள் பதிவேட்டின்படி திருத்திக்கொள்ளவும்" என்ற குறிப்போடு. மாதிரி வாசகம் கொடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. அலுவலகக்காரர்களுக்கு அது உதவிதான்.

பதில் வராமல் போனால் என்ன என்பதற்கும் ஒரு கடிதம் ஆயத்தம் செய்தோம். அதைப் பிள்ளை தன் பெயரில், தன் கையெழுத்தில் எழுதினார். கல்லூரி புத்தாண்டு விடுமுறையில் இருக்கிறது, கடிதம் கேட்டு இன்ன திகதியில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் சமர்ப்பிப்பேன், கால நீடிப்புத் தரவும் என்று. கேட்ட மின்னஞ்சலின் பிரதியையும் அதோடு இணைக்கலாம். கால நீடிப்புக் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எழுதியவருடையது, நாளைக்கு யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லலாம்.

அதை ஏற்ற வேண்டி வரவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், பதிவாளரின் இடத்தில் இருந்த பதில் அலுவலரிடமிருந்து பிடிஎப் வந்தது, புது இலக்கத்தோடு, பெப்ரவரித் திகதியோடு. தாய் திகதியைப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, மாதத்தைப் பிழையா அடிச்சுப்போட்டினம்" என்றார். பிள்ளை புள்ளிப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அப்படியே ஏற்றினார். மூலப் பிரதியை விடுமுறை முடிந்த பிறகு நேரில் வந்து எடுக்கச் சொல்லி ஈமெயிலின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள்.